மருமகனே டாக்டர் என்றால் க்ளைம் கிடைக்குமா? உறவினர் செய்யும் சிகிச்சையும் மருத்துவக் காப்பீடும்

மாதவரம், மூலக்கடை, திருவொற்றியூர், ராயபுரம் பகுதிகளில் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு டாக்டராவது இருக்கிறார். மகனோ, மகளோ, மருமகனோ, தம்பி மகளோ எம்.பி.பி.எஸ். முடித்துப் பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருப்பார், அல்லது ஒரு நர்சிங் ஹோமில் பணியாற்றுவார். வீட்டில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். அட்மிஷனும் ஆபரேஷனும் அவர் கையாலேயே நடந்துவிடுவதும் உண்டு.

சிகிச்சை நல்லபடியாக முடிந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு பில்களை அனுப்பிய பிறகுதான் சிக்கல் வருகிறது. "சிகிச்சை அளித்த மருத்துவர் காப்பீடு பெற்றவரின் குடும்ப உறுப்பினர், எனவே க்ளைம் நிராகரிக்கப்படுகிறது" என்று கடிதம் வருகிறது. படித்த டாக்டர், பதிவு பெற்ற மருத்துவமனை, உண்மையான நோய், உண்மையான செலவு எல்லாம் இருந்தும் ஏன் இந்த மறுப்பு? பாலிசியில் எந்த வரியை வைத்து மறுக்கிறார்கள்? எந்த மறுப்பை ஏற்க வேண்டும், எதை எதிர்த்துக் கேட்கலாம்?

உறவினருக்கு வைத்தியம் பார்ப்பது குற்றமா?

இல்லை. இந்தியாவில் ஒரு டாக்டர் தன் தந்தைக்கோ மனைவிக்கோ சிகிச்சை செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் பற்றிய 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளிலும் அப்படியொரு பொதுத் தடை கிடையாது. ஒரு மருத்துவர் மற்ற மருத்துவர்களுக்கும் அவர்களை அண்டி வாழும் நெருங்கிய குடும்பத்தாருக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை செய்வதை மகிழ்ச்சியாகவும் பெருமையாகவும் கருத வேண்டும் என்று அந்த ஒழுங்குமுறைகள் சொல்கின்றன.

அதே சமயம், மிக நெருங்கியவருக்குத் தானே வைத்தியம் பார்ப்பதைப் பற்றி மருத்துவ உலகம் நீண்ட காலமாகவே எச்சரித்து வந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இல் வெளியிட்ட முதல் ஒழுக்க விதிகளிலேயே, மனைவியோ பிள்ளையோ நோயில் கிடக்கும்போது டாக்டரின் தீர்ப்பு கலங்கிவிடும் என்ற கருத்து இடம்பெற்றிருக்கிறது. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சிலும், முடிந்தவரை நெருங்கியவர்களுக்கு மருந்து எழுதுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. இவை டாக்டருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள்.

காப்பீட்டு நிறுவனத்தின் கேள்வி இதிலிருந்து வேறுபட்டது. பாலிசி என்பது ஓர் ஒப்பந்தம். உறவினர் செய்த சிகிச்சை சட்டப்படி சரியானதாகவே இருக்கலாம். ஆனாலும் அதற்குப் பணம் தருவதாக ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே நிறுவனம் பார்க்கும். "என் மருமகன் பதிவு பெற்ற டாக்டர்தானே" என்ற பதில் மட்டும் அங்கே போதாது.

நிறுவனங்கள் இந்த விதியை வைப்பது ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, காப்பீடு ஈடு செய்வது உண்மையில் ஏற்பட்ட செலவைத்தான். மகன் தந்தையைப் பரிசோதித்துவிட்டு ஃபீஸ் கேட்பதில்லை. கேட்காத ஃபீஸுக்கு, காப்பீடு இருக்கிறது என்பதால் மட்டும் ரசீது போட்டால் அங்கே செலவே ஏற்படவில்லை. அமெரிக்காவின் மெடிகேர் திட்டம், உறவின் காரணமாக வழக்கமாக இலவசமாகவே கிடைக்கும் சேவைக்குப் பணம் தருவதில்லை என்ற இந்த நோக்கத்துக்காகவே, நெருங்கிய உறவினரும் அதே வீட்டில் வசிப்பவரும் போடும் கட்டணங்களை விலக்கி வைத்திருக்கிறது.

இரண்டாவது, சிகிச்சை தேவைதானா என்பதை முடிவு செய்பவர் டாக்டர்தான். அட்மிஷன் அவசியமா, எத்தனை நாள், என்ன ஆபரேஷன் என்பதையெல்லாம் நிறுவனம் நேரில் வந்து பார்க்க முடியாது. டாக்டரின் எழுத்தை நம்பித்தான் பணம் தருகிறது. அந்த டாக்டரும் பணம் பெறும் குடும்பமும் ஒன்றாக இருந்தால், தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு எழுதுவது போல ஆகிவிடுகிறது. எல்லா உறவுக்கார டாக்டர்களும் பொய் எழுதுவார்கள் என்பது இதற்குப் பொருளல்ல. யார் எழுதியது உண்மை, யார் எழுதியது பொய் என்று ஒவ்வொரு ஃபைலாகப் பிரித்தறிய வழியில்லாததால், ஒட்டுமொத்தமாக ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, நோய் எப்போது தொடங்கியது என்ற பதிவு. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. "இரண்டு வருடமாக வயிற்று வலி" என்று எழுதுவதற்கும் "இரண்டு நாளாக வயிற்று வலி" என்று எழுதுவதற்கும் இடையே லட்சக்கணக்கான ரூபாய் வித்தியாசம் வரலாம். அந்த வரியை எழுதும் கை நோயாளியின் மருமகனுடையதாக இருக்கும்போது நிறுவனம் தயங்குகிறது.

பாலிசியில் இந்த விதி எங்கே ஒளிந்திருக்கிறது?

பலர் பாலிசியின் விலக்குகள் பகுதியை மட்டும் புரட்டிவிட்டு, "உறவினர் டாக்டர் பற்றி ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்த விதி பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பாலிசியின் முதல் பக்கங்களில், சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதியில் இருக்கிறது.

மருத்துவக் காப்பீட்டுச் சொற்களுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்னும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பொதுவான பொருள் வரையறுத்திருக்கிறது. அதன்படி "மருத்துவர்" என்பவர் மாநில அல்லது மத்திய மருத்துவக் கவுன்சிலில், அல்லது இந்திய மருத்துவம், ஹோமியோபதி கவுன்சில்களில் முறையாகப் பதிவு பெற்று, அந்த உரிமத்தின் எல்லைக்குள் வைத்தியம் செய்பவர். இந்த வரையறையோடு கூடுதல் கட்டுப்பாட்டை நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆணையத்தின் வழிகாட்டுதலே சொன்னது. அதற்கு அது காட்டிய உதாரணமே, அந்த மருத்துவர் காப்பீடு பெற்றவராகவோ அவருடைய நெருங்கிய குடும்பத்தினராகவோ இருக்கக்கூடாது என்பதுதான். ஆகவே இப்படியொரு விதியை வைப்பதே முறைகேடு என்று வாதிட முடியாது. ஆனால் இது கட்டாய விதியும் அல்ல. உங்கள் பாலிசியில் அந்த வரி இருந்தால் மட்டுமே உங்களைக் கட்டுப்படுத்தும்.

அந்த வரி பாலிசியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

வரையறைக்குள் இருந்தால் அதன் பாதிப்பு பெரிது. ஏனென்றால் பாலிசியின் மற்ற வரையறைகள் எல்லாம் "மருத்துவர்" என்ற அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கின்றன. "மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சை" என்றால் ஒரு மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஒரு மருத்துவரின் சீட்டு வேண்டும். உங்கள் மருமகன் பாலிசியின் பொருளில் "மருத்துவர்" இல்லை என்று ஆகிவிட்டால், அவர் சொல்லி நடந்த அட்மிஷன், அவர் எழுதிய மருந்து, அவர் கேட்ட ஸ்கேன் எல்லாமே கேள்விக்குள்ளாகும். முழு க்ளைமும் நிராகரிக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சங்கிலிதான்.

விலக்குகள் பகுதியில் இருந்தால் பாதிப்பு பொதுவாகச் சிறிது. சில பாலிசிகளில், காப்பீடு பெற்றவரின் குடும்பத்தைச் சேர்ந்த அல்லது அவரோடு ஒரே வீட்டில் வசிக்கும் மருத்துவர் செய்யும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, "நிரூபிக்கப்பட்ட பொருள் செலவு மட்டும் தரப்படும்" என்று சேர்த்திருப்பார்கள். ஜெர்மனியின் தனியார் மருத்துவக் காப்பீட்டு மாதிரி விதிகளிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. டாக்டரின் உழைப்புக்கு ஃபீஸ் கிடையாது. ஆனால் வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கிய மருந்து, தையல் நூல், ஸ்டென்ட், லென்ஸ் போன்றவற்றுக்கு ரசீது இருந்தால் பணம் உண்டு.

"ஒரே வீட்டில் வசிக்கும்" என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் பெற்றோரும் மேல்தளத்தில் மகன் குடும்பமும் என ஒரே கதவு எண்ணில் வாழும் வீடுகள் நம்மிடம் அதிகம். உறவே இல்லாவிட்டாலும் அதே முகவரியில் குடியிருக்கும் டாக்டர் இந்த விதிக்குள் வந்துவிடலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மாதவரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அத்தாவுக்கு வயது 62. பித்தப்பையில் கல். 5 லட்சம் ரூபாய் பாலிசி, நான்கு ஆண்டுகளாக விடாமல் புதுப்பித்து வருகிறார். காத்திருப்புக் காலமெல்லாம் முடிந்துவிட்டது. மருமகன் சர்ஜன். அவர் ஆபரேஷன் செய்யும் நர்சிங் ஹோமிலேயே லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை நீக்கினார். மூன்று நாள் அட்மிஷன். பில் இப்படி வந்தது:

- அறை வாடகை: 12,000 ரூபாய்
- சர்ஜன் ஃபீஸ்: 35,000
- மயக்க மருந்து நிபுணர் ஃபீஸ்: 10,000
- ஆபரேஷன் தியேட்டர்: 15,000
- மருந்தும் உபகரணங்களும்: 22,000
- ஸ்கேன், ரத்தப் பரிசோதனை: 9,000
- நர்சிங்: 5,000

மொத்தம் 1,08,000 ரூபாய்.

பாலிசியில் உறவினர் பற்றிய வரியே இல்லை என்றால், மருமகன் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ரூபாயும் பிடிக்க முடியாது. மற்ற விதிகளுக்கு உட்பட்டு முழுத் தொகையும் கேட்கலாம்.

விலக்குப் பகுதியில் அந்த வரி இருந்து, பொருள் செலவுக்கு மட்டும் அனுமதி இருந்தால், 35,000 ரூபாய் சர்ஜன் ஃபீஸ் போய்விடும். மருந்து, பரிசோதனை 31,000 ரூபாய் கிடைக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் உறவினர் அல்ல. அவருடைய 10,000 ரூபாயும் கிடைக்க வேண்டும். இதுவரை 41,000. மீதி 32,000 ரூபாய், அதாவது அறை, தியேட்டர், நர்சிங் ஆகியவை "பொருள் செலவு" ஆகுமா என்பதில்தான் இழுபறி வரும். இவை மருத்துவமனையின் கட்டணங்கள், மருமகனின் கூலி அல்ல என்று எழுதிக் கேட்டால் 73,000 ரூபாய் வரை பேச இடமிருக்கிறது. நர்சிங் ஹோம் மருமகனுக்கே சொந்தமானதாக இருந்தால் இந்த வாதம் பலவீனமாகும்.

வரையறையில் அந்த வரி இருந்தால், நிறுவனம் 1,08,000 ரூபாயையும் மறுக்கக்கூடும். இங்கே குடும்பத்தைக் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: ஆபரேஷன் தேவை என்று மருமகன் அல்லாத வேறொரு டாக்டர் எழுதிய சீட்டு. வயிற்று வலிக்காக முதலில் பார்த்த பொது மருத்துவரோ, வேறு மருத்துவமனையின் இரைப்பை நிபுணரோ, ஸ்கேன் அறிக்கையோடு "பித்தப்பையை அகற்ற வேண்டும்" என்று தேதியிட்டு எழுதியிருந்தால், சிகிச்சை அவசியம் என்பது உறவினரின் சொல்லை மட்டும் நம்பி நிற்காது. சர்ஜன் ஃபீஸை விட்டுக்கொடுத்து மற்றதைக் கேட்கலாம்.

யார் "நெருங்கிய குடும்பம்"?

மறுப்புக் கடிதத்தை எதிர்த்துக் கேட்க இடம் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். பல பாலிசிகள் "நெருங்கிய குடும்பத்தினர்" என்று எழுதிவிட்டு, அது யார் யார் என்று சொல்வதில்லை.

வெளிநாட்டு விதிகளைப் பார்த்தால் இது எவ்வளவு மாறுபடும் என்பது தெரியும். அமெரிக்க மெடிகேரின் பட்டியல் நீளமானது: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மாற்றாந்தாய் வழி உறவுகள், மாமனார், மாமியார், மருமகன், மருமகள், மைத்துனர், தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மாதிரி விதியோ வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள் என்பதோடு நின்றுவிடுகிறது. நம் கணக்கில் வந்த மருமகன் அமெரிக்கப் பட்டியலில் இருக்கிறார். ஜெர்மன் பட்டியலில் இல்லை.

நம் குடும்பங்களில் சொந்தத்துக்குள் திருமணம் நடப்பதால் உறவின் எல்லை இன்னும் குழம்பும். சாச்சா மகன் மச்சானாகவும் இருப்பார், பிறகு மருமகனாகவும் ஆவார். எனவே உங்கள் பாலிசியில் "குடும்பம்" என்ற சொல்லுக்குத் தனியே வரையறை இருக்கிறதா என்று தேடுங்கள். பல பாலிசிகளில் குடும்பம் என்பது வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர், துணைவரின் பெற்றோர் என்றுதான் இருக்கும். அதில் இல்லாத தம்பி மகனையோ மருமகனையோ காரணம் காட்டி மறுத்தால், "உங்கள் ஒப்பந்தத்தின்படியே அவர் குடும்பத்தில் வரமாட்டார்" என்று பதில் எழுதலாம்.

பட்டியலே இல்லாத பாலிசியில் சட்டம் வாடிக்கையாளர் பக்கம் சாயும். ஒப்பந்தத்தை எழுதியவர் நிறுவனம். அதில் ஒரு சொல் இரண்டு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிரான பொருளையே எடுக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கொள்கை. 2004-இல் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் புஷ்பாலயா பிரின்டர்ஸுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. விலக்கு விதியைக் காட்டி மறுக்கும் நிறுவனமே, அந்த விதி இந்த க்ளைமுக்குப் பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பது 2007-இல் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் சொல்லப்பட்டது. விலக்கு விதிகளை வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்தாமல் விட்ட நிறுவனம் பிறகு அவற்றைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று 2019-இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் தீர்ப்பு வந்தது. இவை உறவினர் டாக்டரைப் பற்றிய வழக்குகள் அல்ல. பொதுவான காப்பீட்டு வழக்குகள். ஆனால் அதே கொள்கைகளைத்தான் இங்கும் எடுத்து வைக்க முடியும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. பெற்ற மகனை, கட்டிய மனைவியை "நெருங்கிய குடும்பம் அல்ல" என்று யாரும் வாதிட முடியாது. அங்கே விதி தெளிவு, மறுப்பும் நிற்கும்.

மறைத்தால் தெரியாமல் போகுமா?

நம்மிடம் குடும்பப் பெயர் போடும் வழக்கம் இல்லை. மாமனார் பெயரையும் மருமகன் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் உறவு தெரியாது. அதனால் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள்.

உறவு வெளிப்படுவது பெயரால் அல்ல, காகிதங்களால். க்ளைம் படிவத்திலும் கேஷ்லெஸ் விண்ணப்பத்திலும் சிகிச்சை அளிக்கும் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தில் மகள் கையெழுத்திட்டு, "டாக்டரின் மனைவி" என்று நர்ஸ் குறித்திருப்பார். அவசரத் தொடர்பு எண்ணாக டாக்டரின் செல்போனே இருக்கும். பணம் கட்டிய ரசீது டாக்டரின் வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கும், அல்லது எந்தக் கணக்கிலிருந்தும் போயிருக்காது. நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் நர்சிங் ஹோம் வரவேற்பறையில் இரண்டு கேள்வி கேட்டாலே போதும்.

அதைவிட ஆபத்தானது, உறவினர் செய்த ஆபரேஷனை வேறு டாக்டர் பெயரில் எழுதுவது. அப்போது அது வெறும் உறவினர் விதிச் சிக்கலாக இருக்காது. மோசடி என்ற தலைப்புக்குப் போய்விடும். க்ளைம் முழுவதும் போகும், பாலிசியே ரத்தாகலாம். பொய்யான சான்றிதழில் கையெழுத்திடும் டாக்டரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம் என்று 2002 ஒழுங்குமுறைகளின் 7.7-ஆம் பிரிவு சொல்கிறது. 35,000 ரூபாய் ஃபீஸுக்காக மருமகனின் தொழிலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே செய்ய வேண்டியது

திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் என்றால், தேதி குறிப்பதற்கு முன்பே பாலிசியில் மூன்று இடங்களைப் பாருங்கள்: "மருத்துவர்" என்பதன் வரையறை, "குடும்பம்" என்பதன் வரையறை, விலக்குகள் பட்டியல். நிறுவனம் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் இந்த அளவு விவரம் இருக்காது; முழுப் பாலிசி வாசகத்தை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டும். மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்குக் கம்பெனி எடுத்துத் தரும் குழுப் பாலிசி என்றால், அதன் வாசகம் தனி. மனிதவள அதிகாரியிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்த வரி இருந்தால், நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "ஆபரேஷன் செய்யும் டாக்டர் எனக்கு இன்ன உறவு. இந்தச் சிகிச்சைக்கு என்னென்ன செலவு ஏற்கப்படும்?" ஏஜென்ட் வாய்மொழியாகத் தரும் உறுதி பின்னால் உதவாது, எழுத்தில் வரும் பதில் உதவும்.

மிகச் சுலபமான வழி, உறவுக்கார டாக்டரின் பங்கை மாற்றிக்கொள்வதுதான். எந்த மருத்துவமனை நல்லது, எந்த சர்ஜன் நல்லவர் என்று அவர் சொல்லட்டும். ரிப்போர்ட்டுகளைப் படித்துக் குடும்பத்துக்கு விளக்கட்டும். ஆனால் அட்மிஷன் எழுதுபவரும், ஆபரேஷன் செய்பவரும், டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்திடுபவரும் வேறொரு டாக்டராக இருக்கட்டும். உறவினர் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே இதைச் செய்யலாம். பெரும்பாலான விதிகள் சிகிச்சை செய்யும் கையைத்தான் பார்க்கின்றன, கட்டடத்தை அல்ல.

உறவினரே செய்தால் நல்லது என்று குடும்பம் முடிவு செய்தால், அவர் ஃபீஸ் வாங்காமல் செய்யட்டும். பில்லில் அந்த வரியே வரக்கூடாது. மருந்து, உபகரண ரசீதுகளைப் பேட்ச் எண்ணோடு தனியாக வாங்குங்கள். பணத்தை நோயாளியின் அல்லது பாலிசிதாரரின் கணக்கிலிருந்து கட்டுங்கள்.

அவசரம் வேறு. நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தால் பாலிசியைப் புரட்ட நேரமிருக்காது. வீட்டு டாக்டர் முதலுதவி செய்து மருத்துவமனையில் சேர்ப்பதே முறை. சேர்த்த பிறகு, முதல் சில மணி நேரத்திலேயே வேறொரு டாக்டர் நோயாளியைப் பார்த்து, நேரம் குறித்து, சிகிச்சைப் பொறுப்பை ஏற்றதாகக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். உறவினர் செய்தது நிலைப்படுத்தும் சிகிச்சை மட்டுமே என்பது அந்த ஒரு வரியால் தெளிவாகும்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டால்

முதலில் கடிதத்தில் விதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையின்படி, எந்த க்ளைமையும் மறுப்பதற்கு முன் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தர வேண்டும். மறுப்புக்குக் காரணமான பாலிசி விதியைக் குறிப்பிட்டே கடிதம் எழுத வேண்டும். "உறவினர் என்பதால்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த விதி, யார் ஒப்புதல் தந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

அடுத்து, மருத்துவமனையிலிருந்து கேஸ் ஷீட்டின் முழு நகலை வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று அதே 2002 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. பதிவுகளை மூன்று ஆண்டுகள் வரைதான் வைத்திருக்கக் கடமை, தாமதிக்க வேண்டாம். அதில் வேறு டாக்டர்கள் எழுதிய குறிப்புகளைத் தேடி எடுங்கள்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். முழுத் தொகையையும் ஒரே கோரிக்கையாகக் கேட்பதைவிட, பிரித்துக் கேட்பது பலன் தரும்: உறவினரின் ஃபீஸ் ஒரு பக்கம், மற்ற டாக்டர்களின் ஃபீஸ், மருந்து, பரிசோதனை, மருத்துவமனைக் கட்டணம் இன்னொரு பக்கம். முதலாவது மறுக்கப்பட்டாலும் இரண்டாவதை ஏன் மறுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நிறுவனம் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும். பீமா பரோசா என்ற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தளத்திலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலை ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையான புகார்களை எடுப்பார்கள். நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்கு இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். ஆகவே முதலில் ஆம்புட்ஸ்மேன், அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் என்ற வரிசை நல்லது. நுகர்வோர் ஆணையத்துக்கான காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ஆம்புட்ஸ்மேனிடம் காத்திருக்கும்போதும் அந்த நாள் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் டாக்டர் இருந்தால், பாலிசியை அவர் கையில் கொடுத்து "மருத்துவர்" என்ற வரையறையை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். தன் பெயரால் மாமனாரின் க்ளைம் நிற்கக்கூடும் என்பது பல டாக்டர்களுக்கே தெரியாது.